சாம்பார் கொட்டிய சட்டையும் பட்டுப் பாவாடையும்

இந்த மாதம் நம் சட்டையிலேயே ஒரு ஆராய்ச்சி செய்யப் போகிறோம். அதற்குக் காரணம் உங்களில் ஒரு கெட்டிக்காரக் குழந்தை கேட்ட கேள்விதான்.

"மாமா, வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டிவிட்டது. கறை மஞ்சளாக இருந்தது. சோப்பு போட்டேன். ரத்தம் மாதிரி சிவந்துவிட்டது! சோப்பு கறையைப் போக்குமா, புதுக் கறையை உண்டாக்குமா?"

அடடா, எவ்வளவு நல்ல கேள்வி! பெரியவர்கள் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். "ஐயோ, சட்டை போச்சு" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள். ஏன் என்று கேட்டவர்கள் குறைவு. நீ கேட்டாய். அதனால் பதில் உனக்குத்தான்.

ஒரு கல்யாணப் பந்தி என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் வெள்ளைப் பருத்திச் சட்டை போட்டிருக்கிறான். பக்கத்தில் தங்கை, அரக்கு நிறப் பட்டுப் பாவாடையில். சாம்பார் வாளியோடு வந்தவரின் கை கொஞ்சம் ஆடிவிட்டது. ஒரே கரண்டி சாம்பார். பாதி அண்ணன் சட்டையில், பாதி தங்கை பாவாடையில்.

கறை ஒன்றுதான். ஆனால் அண்ணனுக்குச் செய்கிற வைத்தியத்தைத் தங்கைக்குச் செய்தால் பாவாடை பாழாகிவிடும். ஏன் தெரியுமா? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் கறையைக் கொஞ்சம் உற்றுப் பார்.

சாம்பாரில் தண்ணீர் இருக்கிறது, பருப்பு இருக்கிறது, தாளித்த எண்ணெய் இருக்கிறது, மஞ்சள் தூள் இருக்கிறது. தண்ணீர் காய்ந்துவிடும். பருப்பு உதிர்ந்துவிடும். துணியை விடாமல் பிடித்துக்கொள்வது எண்ணெயும் மஞ்சளும்தான்.

மஞ்சளுக்கு நிறம் தருகிற பொருளுக்கு குர்குமின் என்று பெயர். 1815-ஆம் ஆண்டிலேயே மஞ்சளிலிருந்து இதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். நூறு கிராம் மஞ்சள் தூளில் ஏறக்குறைய மூன்று கிராம்தான் இது இருக்கும். அந்தச் சின்ன அளவே அண்டா சாம்பாரையும் மஞ்சளாக்கிவிடுகிறது என்றால் பார்த்துக்கொள்.

குர்குமினுக்கு ஒரு குணம் உண்டு. அது வெறும் தண்ணீரில் கரையாது. எண்ணெயில் நன்றாகக் கரையும். ஒரு தம்ளர் தண்ணீரில் மஞ்சள் தூளைக் கலக்கி, அசையாமல் வைத்துவிட்டுப் போ. திரும்பி வந்து பார்த்தால் தூள் அடியில் படிந்திருக்கும். அதே தூளைச் சூடான எண்ணெயில் போட்டால், எண்ணெயே பொன்னிறமாகிவிடும்.

அதனால் சாம்பாரில் இருக்கிற மஞ்சள் நிறம் பெரும்பாலும் எண்ணெய்க்குள் ஏறி உட்கார்ந்திருக்கும். எண்ணெய் துணியின் இழைகளுக்குள் நுழையும்போது குர்குமினையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும். இப்போது புரிகிறதா, தண்ணீரை மட்டும் ஊற்றித் தேய்த்தால் கறை ஏன் போகாது என்று? தண்ணீரால் எண்ணெயைத் தொட முடியாது. எண்ணெய் நகராமல் மஞ்சளும் நகராது.

அப்படியானால் முதலில் எண்ணெயை வெளியேற்ற வேண்டும். சரிதானே? அந்த வேலைக்கு சோப்பு வேண்டும்.

சோப்பின் ஒரு மூலக்கூறை, அதாவது அதன் மிகச் சின்னத் துணுக்கை, ஒரு காற்றாடி என்று நினைத்துக்கொள். காற்றாடிக்குத் தலை உண்டு, நீண்ட வால் உண்டு. சோப்புக் காற்றாடியின் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். துணியில் ஒரு எண்ணெய்ச் சொட்டு இருந்தால், நூற்றுக்கணக்கான காற்றாடிகள் ஓடிவந்து தங்கள் வாலை அதில் செருகிக்கொள்ளும். தலைகள் எல்லாம் வெளியே, தண்ணீரைப் பார்த்தபடி இருக்கும். நீ துணியை அலசும்போது தண்ணீர் அந்தத் தலைகளைப் பிடித்து இழுக்கும். காற்றாடிகளோடு எண்ணெய்ச் சொட்டும் வெளியே வந்துவிடும்.

பாத்திரம் கழுவும் திரவம் இந்த வேலைக்காகவே செய்யப்பட்டது. அதனால் எண்ணெய்க் கறைக்குத் துணி சோப்பைவிட அதுதான் வேகமாக வேலை செய்யும்.

சரி, பந்திக்குத் திரும்புவோம். முதல் ஐந்து நிமிடம் முக்கியம்.

அண்ணனும் தங்கையும் முதலில் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு. தேய்க்கக் கூடாது! பதறிப்போய்க் கைக்குட்டையால் பரபரவென்று தேய்ப்பவர்களைத்தான் எல்லாப் பந்தியிலும் பார்க்கிறோம். தேய்த்தால் மேலே நிற்கிற சாம்பார் இழைக்குள் இறங்கும். ஐந்து ரூபாய் நாணயம் அளவுக் கறை உள்ளங்கை அளவாகிவிடும். பட்டில் தேய்த்தால் மெல்லிய இழைகள் சிலும்பிப் பளபளப்பும் போய்விடும்.

ஒரு கரண்டியின் விளிம்பால் பருப்பை மெல்ல வழித்து எடு. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழிக்க வேண்டும். பிறகு டிஷ்யூ காகிதத்தை வைத்து அழுத்து. எடு. காகிதத்தின் புதுப் பகுதியை வைத்து மறுபடி அழுத்து. காகிதத்தில் ஈரம் ஏறாமல் நிற்கும்வரை இப்படியே செய்.

இங்கே வரைக்கும் இரண்டு பேருக்கும் ஒரே வேலைதான். இனி வழி பிரிகிறது. அண்ணன் சட்டையை முதலில் பார்ப்போம்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைத் திருப்பிப் பிடி. கறையின் பின்பக்கத்தில் குழாய்த் தண்ணீர் விழட்டும். முன்பக்கம் தண்ணீர் விழுந்தால் கறை துணிக்குள் இறங்கும். பின்பக்கம் விழுந்தால் வந்த வழியே வெளியே தள்ளப்படும். பச்சைத் தண்ணீர் போதும். எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் மஞ்சள் இழையோடு இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கறைமேல் ஊற்று. விரலால் பரப்பு. பத்து நிமிடம் விட்டுவிடு. காற்றாடிகள் வாலைச் செருக நேரம் வேண்டாமா? பிறகு துணியோடு துணியை வைத்துக் கசக்கி அலசு. இன்னொரு முறையும் இதையே செய்.

எண்ணெய் போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. துணி காய்ந்த பிறகு அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடி. எண்ணெய் மிச்சமிருந்தால் அந்த இடம் மட்டும் கண்ணாடி போட்ட மாதிரி வெளிச்சத்தை விடும். வடை வைத்த செய்தித்தாளில் பார்த்திருப்பாயே, அதேதான்! இழைகளுக்கு நடுவே இருக்கிற காற்று ஒளியைச் சிதறடிக்கும். அந்த இடைவெளியில் எண்ணெய் நிறைந்துவிட்டால் ஒளி அதிகம் சிதறாமல் ஊடுருவிப் போகும். ஈரத் துணியில் இந்தச் சோதனை செய்யாதே. தண்ணீரும் இதே வேலையைச் செய்யும். உன்னை ஏமாற்றிவிடும்.

எண்ணெய் போனது உறுதியாகும்வரை இஸ்திரிப் பெட்டி அந்தச் சட்டைப் பக்கமே வரக் கூடாது. சூட்டில் எண்ணெய் காற்றோடு சேர்ந்து மாறிப் பிசின் ஆகிவிடும். பழைய வாணலியின் வெளிப்பக்கம் பழுப்பாக ஒரு பிசுக்கு ஏறியிருக்குமே, அம்மா எவ்வளவு தேய்த்தாலும் போகாதே, அது சூட்டில் மாறிப்போன எண்ணெய்தான். சட்டையில் அது ஏறினால் பிறகு பாத்திரம் கழுவும் திரவமும் கைவிரித்துவிடும்.

எண்ணெய் போயிற்று. சட்டையில் வெறும் மஞ்சள் நிறம் மட்டும் மிச்சம். இப்போது துணி சோப்பை எடுத்துப் போடுகிறாய். படீரென்று சிவப்பு!

பயப்படாதே. இந்தச் சிவப்பை நீ முன்பே பார்த்திருக்கிறாய். எங்கே, யோசித்துப் பார்.

ஆரத்தித் தட்டு! தட்டில் தண்ணீர் ஊற்றுவார்கள். மஞ்சள் தூள் போடுவார்கள். அதுவரை மஞ்சளாகத்தான் இருக்கும். பாட்டி ஒரு துளி சுண்ணாம்பைக் கரைத்ததும் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். சிவப்புப் பொடி எதையும் அவர் போடவில்லை. மஞ்சளே சிவந்தது.

சுண்ணாம்பு ஒரு காரம். துணி சோப்பும் காரம். சலவைச் சோடாவும் காரம். காரத்தைத் தொட்டால் குர்குமின் சிவக்கும். எலுமிச்சைச் சாறு, வினிகர் போன்ற அமிலத்தைத் தொட்டால் மறுபடி மஞ்சளாகும். பள்ளிப் பாடத்தில் இயற்கை நிறங்காட்டி என்று படிப்பாய். உன் சட்டை இப்போது ஒரு நிறங்காட்டி, அவ்வளவுதான்.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். "சிவந்த கறைமேல் எலுமிச்சை பிழி, போய்விடும்" என்பார்கள். பிழிந்து பார். சிவப்பு மறையும், உண்மைதான். ஆனால் கறை எங்கே போனது? எங்கும் போகவில்லை. சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த குர்குமின் மஞ்சள் சட்டைக்கு மாறி அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. மறுபடி சோப்பு போட்டால் மறுபடி சிவக்கும்.

இன்னும் ஒரு விஷயம் சொல்கிறேன், கவனமாகக் கேள். குர்குமின் வெறும் தண்ணீரில் கரையாது என்று சொன்னேன் அல்லவா? சிவந்த நிலையில் அது தண்ணீரில் கரையும்! கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்தும் போகும். அதாவது கறை சிவந்து நிற்கிற நேரம்தான் அதை வெளியேற்ற நல்ல நேரம். அந்த நேரம் பார்த்து எலுமிச்சை பிழிவது, கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும்போது நாமே போய்ச் சாத்துவது போலத்தான்.

அதனால் அண்ணன் சட்டை சிவந்தால் சந்தோஷப்படு. சோப்பு நுரையோடு பத்து நிமிடம் ஊறட்டும். பிறகு நிறையத் தண்ணீரில் அலசு. அலசிய தண்ணீரைப் பார், செம்மஞ்சளாக இருக்கும். அது துணியைவிட்டு வெளியே வந்த குர்குமின். தண்ணீர் தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று முறை இப்படிச் செய்யலாம்.

இத்தனைக்குப் பிறகும் வெளிர் மஞ்சளாக ஒரு சுவடு நிற்கும். அதை என்ன செய்வது? ஒன்றும் செய்யாதே. ஈரச் சட்டையை அப்படியே மொட்டைமாடிக்குக் கொண்டுபோ. கறை இருக்கிற பக்கம் சூரியனைப் பார்க்கிற மாதிரி கயிற்றில் போடு. காலை பத்து மணி வெயிலில் போட்டால் மதியத்துக்குள் சுவடு மங்கிவிடும். மிச்சம் இருந்தால் தண்ணீர் தெளித்து மறுநாளும் போடு.

வெயில் என்ன மாயம் செய்தது?

குர்குமின் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. இரண்டு முனையிலும் ஒவ்வொரு வளையம், நடுவில் ஒரு பாலம். இந்த முழு நீளமும் சேர்ந்து ஒளியில் இருக்கிற நீலத்தை விழுங்கிக்கொள்ளும். நீலம் போன மிச்ச ஒளிதான் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. வெயிலில் கிடக்கும்போது விழுங்கிய ஒளியின் ஆற்றலே சங்கிலியை நடுவில் உடைத்துவிடும். உடைந்த துண்டுகள் குட்டையானவை. அவற்றால் நீல ஒளியை விழுங்க முடியாது. அதனால் நிறமும் இல்லை.

அப்படி உடைந்து வருகிற துண்டுகளில் ஒன்று என்ன தெரியுமா? வெனிலின்! ஆமாம், வெனிலா ஐஸ்கிரீமுக்கு வாசனை தருகிற அதே பொருள். உடனே சட்டையை மூக்கில் வைத்து முகர்ந்து பார்க்காதே. அளவு மிகமிகக் குறைவு. உனக்கு சோப்பு வாசனைதான் வரும்.

தீபாவளிக்குப் புதுச் சட்டையின் மூலையில் மஞ்சள் வைத்துத் தருவார்கள் அல்லவா? நாலைந்து முறை துவைத்து வெயிலில் காய்ந்ததும் அந்தப் பொட்டு தானாகவே காணாமல் போகிறதே, அதற்கும் இதுதான் காரணம்.

வெள்ளைச் சட்டைக்கு இது பொருந்தும். நிறச் சட்டை என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வெயில் குர்குமினை உடைக்கிற மாதிரியே சட்டையின் சாயத்தையும் வெளுக்கச் செய்யும். கறை போன இடத்தில் வெளுத்த திட்டு நின்றால் அதுவும் ஒரு கறைதானே! அதனால் நிறத் துணியை ஒரு மணி நேரம் மட்டும் போட்டு, எடுத்துப் பார்த்து, மறுபடி போடு.

பழைய கறை, வெயிலுக்கும் அசையவில்லை என்றால், வெள்ளைப் பருத்திக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு. மருந்துக் கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும். 3 சதவீதக் கரைசல் வேண்டும். புட்டியில் 6 சதவீதம் என்று போட்டிருந்தால் அதே அளவு தண்ணீர் கலந்துகொள்ளலாம். ஈரக் கறைமேல் ஊற்றி அரை மணி நேரம் வைத்து அலச வேண்டும். இது அப்பா அல்லது அம்மா கையுறை போட்டுக்கொண்டு செய்கிற வேலை. நீ பக்கத்தில் நின்று பார்.

குளோரின் பிளீச்சும் வெள்ளைப் பருத்தியில் மஞ்சளைப் போக்கும். ஆனால் அதை வினிகரோடோ எலுமிச்சையோடோ ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். மூச்சு முட்டும். வீட்டில் யாராவது "இரண்டையும் சேர்த்துப் போட்டால் சீக்கிரம் போகும்" என்றால் நீயே தடுத்துவிடு.

அண்ணன் சட்டை வெளுத்துவிட்டது. இனி தங்கை பாவாடை.

பருத்தி எங்கிருந்து வருகிறது? செடியிலிருந்து. பட்டு? புழுவிலிருந்து. பருத்தி இழை செல்லுலோஸ் என்கிற தாவரப் பொருள். பட்டு இழை புரதம். உன் தலைமுடியும் புரதம்தான், முட்டையின் வெள்ளையும் புரதம்தான்.

பருத்திக்கு சோப்புக் காரம் ஒன்றும் செய்யாது. வண்ணார் அந்தக் காலத்தில் உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்தே பருத்தியை வெளுத்தார். பட்டு அப்படி இல்லை. காரம் புரதத்தைக் கரைக்கும். பட்டு நூல் தயாரிக்கிற இடங்களில் கூட்டிலிருந்து எடுத்த நூலை சோப்பும் சோடாவும் போட்ட வெந்நீரில் கொதிக்க வைப்பார்கள். நூலைச் சுற்றியிருக்கிற பிசின் கரைந்து பளபளப்பு வெளியே வரும். அந்தப் பிசினும் ஒரு புரதம்தான். நேரம் பார்த்து வெளியே எடுக்காவிட்டால் உள்ளே இருக்கிற பட்டும் கெட ஆரம்பித்துவிடும்.

வெயில்? வெயிலும் பட்டுக்கு ஆகாது. ஒளி பட்டின் புரதத்தையே உடைக்கும். நூல் பழுப்பாகி வலுவிழந்துவிடும்.

பார்த்தாயா வேடிக்கையை! அண்ணன் சட்டைக்கு உதவிய இரண்டு பேர் யார்? காரமும் வெயிலும். தங்கை பாவாடைக்கு எதிரிகள் யார்? அதே காரமும் வெயிலும்! இதனால்தான் ஒரே கறைக்கு இரண்டு வைத்தியம்.

இன்னொரு எதிரியும் உண்டு. "கறையைத் தின்னும் என்சைம்" என்று சில சலவைத்தூள் பொட்டலங்களில் எழுதியிருக்கும். ரத்தம், முட்டை போன்ற புரதக் கறைகளைச் சின்னச் சின்னதாக வெட்டிப்போடுகிற பொருள் அது. பட்டும் புரதம் ஆயிற்றே! இது கறை, இது பாவாடை என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

அப்படியானால் பட்டுக்கு என்னதான் செய்வது?

பந்தியிலேயே டிஷ்யூ வைத்து ஒற்றி எடுத்தாயிற்று. தண்ணீர் தொடாதே. பட்டில் தண்ணீர் சொட்டினால் காய்ந்த பிறகு வட்டமாக ஒரு தடம் நிற்கும். வெள்ளை முகப்பவுடர் கிடைத்தால் கறைமேல் தாராளமாகத் தூவு. அரிசி மாவும் ஆகும். கடலை மாவு வேண்டாம். அதுவே மஞ்சள், கறை போயிற்றா இல்லையா என்று தெரியாது. விபூதியும் வேண்டாம். சாம்பலில் காரம் உண்டு. ஈரக் கறையில் பட்டால் அது சிவந்து நின்று எல்லோரையும் கலவரப்படுத்தும்.

பவுடர் துகள்களுக்கு நடுவே மிகச் சின்ன இடைவெளிகள் இருக்கும். எண்ணெய் அந்த இடைவெளிகளுக்குள் தானாகவே ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே வித்தைதான். அரை மணி நேரம் கழித்து மென்மையான பல் துலக்கும் பிரஷால் தட்டிவிடு. பவுடர் கட்டி கட்டியாக, லேசாக மஞ்சளாக உதிர்ந்தால் வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். புதுப் பவுடர் தூவு. பவுடர் வெள்ளையாகவே உதிரும்வரை தொடர்ந்து செய். வடை எண்ணெய் மட்டும் பட்ட பட்டுத் துணி பல நேரம் இதிலேயே தப்பித்துவிடும்.

மிச்சக் கறைக்குத் தண்ணீர் தொட்டே ஆக வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சோதனை. பாவாடையின் உள்மடிப்பில் ஓர் இடத்தை நனைத்து, வெள்ளைத் துணியை அதன்மேல் அழுத்து. வெள்ளைத் துணியில் அரக்கு நிறம் ஏறினால் சாயம் போகிற பட்டு. அங்கேயே நிறுத்து. ட்ரை கிளீனிங் கடைக்குக் கொண்டுபோகச் சொல். கடையில் கொடுக்கும்போது "இது சாம்பார்க் கறை, இன்ன நாள் பட்டது, பவுடர் போட்டோம்" என்று மூன்றையும் சொல்ல வேண்டும். எண்ணெய்க்கு ஒரு மருந்து, மஞ்சளுக்கு ஒரு மருந்து என்று கடைக்காரர் பிரித்துப் போடுவார். கறையின் பெயர் தெரியாமல் அவராலும் முடியாது.

சாயம் போகவில்லையா? அப்படியானால் பாட்டியின் பூந்திக்கொட்டையை எடு. ஏழெட்டுக் கொட்டைகளை உடைத்து விதையை எடுத்துவிட்டு, தோலை மட்டும் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் சில மணி நேரம் ஊறவை. கையால் பிசைந்தால் நுரை வரும். துணியில் வடிகட்டி ஆறவிடு. இந்த நுரையிலும் நம் காற்றாடிகள் உண்டு. சப்போனின் என்று அவற்றுக்குப் பெயர். ஆனால் பூந்திக்கொட்டைத் தண்ணீர் காரம் அல்ல, லேசான அமிலம்! அதனால்தான் பட்டுக்கு அது பொருத்தம். நம் பாட்டிமார் நிறங்காட்டி வைத்துப் பார்க்கவில்லை. பட்டு கெடாமல் இருந்ததைக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். அவர்கள் ஆராய்ச்சியும் லேசுப்பட்டதல்ல. அவசரத்துக்குப் பூந்திக்கொட்டை இல்லை என்றால் மென்மையான தலைக்குளியல் ஷாம்பு அரைத் தேக்கரண்டி போதும்.

கறையின் அடியில் ஒரு வெள்ளைத் துண்டை மடித்து வை. நுரையைப் பஞ்சால் தொட்டுத் தொட்டு மேலிருந்து ஒற்று. தேய்க்காதே. கறை கீழே இருக்கிற துண்டுக்கு இறங்கும். துண்டை நகர்த்தி நகர்த்தி வை. பிறகு பச்சைத் தண்ணீரில் பாவாடையை முழுக்க அலசு. கறை பட்ட இடத்தை மட்டும் நனைத்தால் தடம் விழும். கடைசி அலசலுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வெள்ளை வினிகர் சேர்க்கலாம். எங்காவது சோப்புக் காரம் ஒட்டியிருந்தால் அதை இது அடக்கும். சரிகைமேல் மட்டும் வினிகரையோ எலுமிச்சையையோ நேராக ஊற்றாதே. பளபளப்பு மங்கிவிடும்.

முறுக்கிப் பிழியவும் கூடாது. பெரிய துண்டில் சுருட்டி அழுத்தினால் ஈரம் போய்விடும். நிழலில் விரித்துக் காயவை.

அப்படியும் மஞ்சள் நின்றால்? குர்குமின் ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். மருந்துக் கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, அடியில் துண்டு வைத்து ஒற்றினால் மஞ்சள் பஞ்சுக்கு ஏறும். ஆனால் பட்டின் சாயமும் ஸ்பிரிட்டில் கரையலாம். உள்மடிப்பில் முதலில் தொட்டுப் பார்த்தே செய்ய வேண்டும். ஸ்பிரிட் தீப்பற்றும். அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சில நேரம் பட்டில் மஞ்சள் கடைசிவரை போகாது. மஞ்சள் வெறும் கறை மட்டும் இல்லை, ஒரு சாயமும்தான். துணிகளுக்கு மஞ்சளால் சாயம் ஏற்றுகிற வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. பட்டு அதை ஆசையாகப் பிடித்துக்கொள்ளும். அரக்குப் பாவாடையில் வெளிர் மஞ்சள் சுவடு கண்ணுக்கே தெரியாது. விட்டுவிடலாம். வெள்ளைப் பட்டு வேட்டி என்றால் வீட்டில் வித்தை காட்டாமல் முதல் நாளே கடைக்குக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

சரி, இத்தனை நேரம் பொறுமையாகக் கேட்டாய். இப்போது உன் முறை.

பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் கைக்குட்டை அளவு வெட்டிக்கொள். ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளைக் கொஞ்சம் வெந்நீரில் கலக்கி அதில் துணியை முக்கி எடு. தூளை உதறிவிட்டு இரண்டாகக் கிழி. ஒரு துண்டின்மேல் கறுப்புக் காகிதத்தில் வெட்டிய நட்சத்திரத்தை வைத்து, நாலு பக்கமும் கல் வைத்து, மொட்டைமாடி வெயிலில் மாலைவரை விட்டுவிடு. காகிதத்தை எடுத்துப் பார். நட்சத்திரத்துக்கு அடியிலும் சூடு இருந்தது, வெளியிலும் சூடு இருந்தது. ஆனால் எங்கே மஞ்சள் மிஞ்சியிருக்கிறது?

இன்னொரு துண்டில் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தொட்டு உன் பெயரை எழுது. சிவப்பாக எழுத்து வரும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு தடவிப் பெயரை மறையச் செய். மறுபடி சோப்பைத் தடவு. பெயர் மட்டும் சிவக்குமா, துணி முழுக்கச் சிவக்குமா? செய்வதற்கு முன்பே உன் ஊகத்தை நோட்டில் எழுதி வைத்துக்கொள்.